பாதி வேலை என்றால் எவ்வளவு வேலை?

உங்கள் பள்ளியில் புதிதாக ஒரு வகுப்பறைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் மேஸ்திரியைப் பார்த்து, "வேலை எந்த அளவில் இருக்கிறது?" என்று கேட்கிறார். "முக்கால்வாசி முடிந்துவிட்டது, ஐயா" என்று பதில் வருகிறது. அடுத்த வாரம் கேட்டால் "தொண்ணூறு சதவீதம்." அதற்கடுத்த வாரமும் தொண்ணூறு. அதற்கும் அடுத்த வாரம் "தொண்ணூற்றைந்து இருக்கும்." மேஸ்திரி பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவரிடம் அளவுகோல் இல்லை. ஆகவே மனத்தில் தோன்றியதைச் சொல்கிறார். ஒரு மேசையின் நீளத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லச் சொன்னால் நீங்களும் நானும் வேறு வேறு எண்ணைத்தான் சொல்வோம்.

சில வேலைகளுக்கு அளவுகோல் தானாகவே அமைந்திருக்கிறது. ஒரே கனத்தில், ஒரே உயரத்தில் 40 மீட்டர் சுற்றுச்சுவர் கட்ட வேண்டும். 10 மீட்டர் முடிந்துவிட்டது. கால் பங்கு வேலை ஆயிற்று என்று நாடாவைப் பிடித்துச் சொல்லிவிடலாம். தொல்லை வருவது ஒரு வேலைக்குள் பல விதமான வேலைகள் அடங்கியிருக்கும்போதுதான். ஒரு கான்கிரீட் தூணையே பாருங்கள். முதலில் கம்பி வெட்டி, வளைத்து, கட்டி நிறுத்த வேண்டும். பிறகு அதைச் சுற்றிப் பலகைப் பெட்டி அடைக்க வேண்டும். அதற்குள் கான்கிரீட் கொட்டிக் குத்தி, இறுகிய பின் பெட்டியைப் பிரிக்க வேண்டும். அதன் பிறகு சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டானால் இந்த ஈரம் குறைந்தது 7 நாள் காக்கப்பட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. இப்போது கம்பி மட்டும் கட்டியிருக்கிறது. தூணில் எத்தனை சதவீதம் முடிந்தது? நாடாவால் அளக்க முடியாது. தூண் இன்னும் பிறக்கவே இல்லை. ஆனால் வேலை நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

இதற்காகக் கட்டுமானப் பொறியாளர்கள் சில விதிகளை வைத்திருக்கிறார்கள். அவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே தூண் வரிசையின் மீது மூன்றையும் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, பூச்சியம்-நூறு விதி. வேலை முழுவதும் முடிந்தால் 100, அதுவரை பூச்சியம். கடைசி நாள் மாலை வரை ஒன்றும் கிடையாது. இரண்டாவது, பாதி-பாதி விதி. வேலையைத் தொடங்கிய உடனே 50 கொடுத்துவிட வேண்டும். மீதி 50 முடிந்த பிறகுதான். நடுவில் எவ்வளவு நடந்தாலும் எண் அசையாது. மூன்றாவது, எடையிட்ட மைல்கல் விதி. வேலைக்குள்ளேயே சில மைல்கற்களை நட்டு, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு எடை என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். ஒரு மைல்கல்லைத் தாண்டினால் அதற்குரிய எடை கிடைக்கும். இரண்டு கற்களுக்கு நடுவில் நின்றால் ஒன்றும் கிடையாது.

நம் கட்டடத்தில் 12 தூண்கள். ஒரு தூணுக்கு 5 ஆள்-நாள் உழைப்பு ஆகும் என்று கொள்வோம். ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலை ஓர் ஆள்-நாள். கம்பி வேலைக்கு 2, பலகை அடைக்க 1½, கான்கிரீட் கொட்டிப் பலகை பிரிக்க 1, நீரூற்றிக் காக்க மொத்தத்தில் ½. இவற்றை நூற்றுக்கு மாற்றினால் 40, 30, 20, 10. இவைதாம் நம் மைல்கற்களின் எடைகள். எல்லாத் தூண்களுக்கும் சேர்த்து 60 ஆள்-நாள்.

இரண்டாவது வாரச் சனிக்கிழமை மாலை நீங்கள் தளத்துக்குப் போகிறீர்கள். முதல் 3 தூண்கள் 7 நாள் நீரும் குடித்து முடிந்துவிட்டன. 4, 5-ஆம் தூண்களில் கான்கிரீட் கொட்டிப் பலகையும் பிரித்தாயிற்று. ஆனால் ஈரச் சாக்கு இன்னும் சுற்றியிருக்கிறது. 6, 7-இல் பலகைப் பெட்டி நிற்கிறது. 8-இல் கம்பி வேலை முடிந்திருக்கிறது. 9-இல் கம்பி பாதிதான் கட்டியிருக்கிறது. மற்ற மூன்றையும் யாரும் தொடவில்லை.

உண்மையில் எவ்வளவு உழைப்பு நடந்திருக்கிறது? முதல் மூன்றில் 15 ஆள்-நாள், அடுத்த இரண்டில் 9, பலகை நிற்கும் இரண்டில் 7, எட்டாம் தூணில் 2, ஒன்பதில் 1. மொத்தம் 34. அறுபதில் 34 என்றால் ஏறக்குறைய 57 சதவீதம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிஜத் தளத்தில் இது யாருக்கும் சரியாகத் தெரியாது. நாம் கற்பனைக் கட்டடம் கட்டுவதால் நமக்குத் தெரிகிறது.

பூச்சியம்-நூறு விதி என்ன சொல்லும்? 12-இல் 3 முடிந்தது, 25 சதவீதம். பாதி-பாதி விதிக்கு, முடிந்த 3, தொடங்கி முடியாத 6-க்குப் பாதியாக 3, ஆக 6. அதாவது 50 சதவீதம். மைல்கல் விதிக்கு, 3 தூண்களுக்கு 300, இரண்டுக்குத் தொண்ணூறு வீதம் 180, இரண்டுக்கு எழுபது வீதம் 140, எட்டாம் தூணுக்கு 40, ஒன்பதுக்கு பூச்சியம். கூட்டினால் 660, மொத்தம் 1200-இல் இது 55 சதவீதம்.

ஒரே தளம், ஒரே மாலை. 25, 50, 55. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம்.

நிமிட முள் விழுந்துபோன ஒரு கடிகாரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அது மணியை மட்டும் காட்டும். 7 என்று காட்டினால் உண்மை நேரம் 7-க்கும் 8-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நீங்கள் எப்போதும் "மணி 7" என்றே சொன்னால், உங்கள் பிழை எப்போதும் ஒரே பக்கம் சாயும். எந்நாளும் பின்தங்கியே சொல்வீர்கள், சராசரியாக அரை மணி நேரம். மாறாக "ஏழரை" என்று சொன்னால், பிழை அரை மணிக்கு மேல் போகாது. அதுவும் சில வேளை முன்னால், சில வேளை பின்னால். பல முறை சொன்னால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். பூச்சியம்-நூறு விதி முதல் வகை. பாதி-பாதி விதி இரண்டாம் வகை. ஒரு தனித் தூணைப் பற்றி அது சொல்வது ஏறத்தாழ எப்போதுமே தவறு. பல தூண்களைச் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது பிழைத்துக்கொள்கிறது.

மைல்கல் விதியோ புதுக் கடிகாரம் ஒன்றும் அல்ல. பூச்சியம்-நூறு விதியையே சிறு துண்டுகளின் மீது பயன்படுத்துவதுதான் அது. மணி மட்டும் காட்டிய கடிகாரம் இப்போது கால் மணிக்கு ஒரு முறை காட்டுகிறது. ஆகவே எடை சரியாக இருந்தால் அதுவும் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே சொல்லும். நம் கணக்கில் 57-க்குப் பதில் 55. அந்தக் குறைவு முழுவதும் ஒன்பதாம் தூணின் பாதிக் கம்பியிலிருந்து வந்தது. ஒரு தூணில் வரக்கூடிய பிழை, அதன் மிகப் பெரிய எடைக்கு, அதாவது 40-க்கு, மேல் போகாது.

பாதி-பாதி விதியின் கடிகார வாதத்தில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. தொடங்கிய வேலைகள் எல்லாம் பூச்சியத்துக்கும் நூறுக்கும் நடுவில் சீராகப் பரவி நிற்க வேண்டும். தூண்கள் அப்படி நிற்கின்றனவா? மூன்றாவது சனிக்கிழமைக்குப் போய்ப் பாருங்கள். இப்போது 5 தூண்கள் முடிந்துவிட்டன. 6 முதல் 9 வரை கான்கிரீட் கொட்டிப் பலகை பிரித்து நீர் குடித்துக்கொண்டிருக்கின்றன. 10, 11-இல் பலகை. 12-இல் கம்பி முடிந்தது. மைல்கல் கணக்கு 500, 360, 140, 40. மொத்தம் 1040, அதாவது 87 சதவீதம். எல்லாத் தூணும் சரியாக ஒரு கல்லருகில் நிற்பதால் உண்மையும் அதுவே. பாதி-பாதி விதி 5-உம் 3½-உம் சேர்ந்து 8½, ஆக 71 சதவீதம் என்கிறது. பூச்சியம்-நூறு விதி 42 என்று நிற்கிறது.

பாதி-பாதி விதி ஏன் 16 சதவீதம் பின்தங்கியது? தூணின் கடுமையான உழைப்பெல்லாம் முதல் சில நாட்களில் தீர்ந்துவிடுகிறது. பிறகு ஒரு வாரம் அது தண்ணீர் குடித்துக்கொண்டு 90-லேயே நிற்கிறது. இந்தச் சனிக்கிழமை திறந்திருக்கும் தூண்களில் பாதிக்கு மேல் 90-இல் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் விதி 50 கொடுக்கிறது. ஏழரை மணி என்று சொல்லும் கடிகாரக்காரரை எப்போதும் ஏழே முக்காலுக்குப் பிறகே பார்த்து மணி கேட்பது போல. இங்கே பாதி-பாதி விதியைத் திட்டிப் பயனில்லை. நீரூற்றிக் காப்பதைத் தூண் வேலையிலிருந்து பிரித்துத் தனி வேலையாக எழுதியிருந்தால் அது ஓரளவு சரியாகவே நடந்துகொண்டிருக்கும்.

இன்னொரு கோளாறு இதைவிடச் சுவையானது. இரண்டாவது சனிக்கிழமைக்கே திரும்புவோம். ஒப்பந்தக்காரருக்குப் பாதி-பாதி விதிப்படி பணம் கொடுப்பதாக ஏற்பாடு. அவர் அன்று பிற்பகல் இரண்டு ஆட்களை அனுப்பி, 10, 11, 12-ஆம் தூண்களில் நான்கு கம்பிகளை நட்டு, இரண்டு வளையம் மட்டும் கட்டச் சொல்கிறார். ஒரு தூணுக்கு ஒரு மணி நேர வேலை. மாலையில் கணக்கெடுத்தால் 3 முடிந்தது, 9 திறந்தது. 3-உம் 4½-உம் 7½, ஆக 62½ சதவீதம்! உண்மை 57-லிருந்து ஒரு சதவீதம்கூட ஏறவில்லை. கணக்கு மட்டும் பன்னிரண்டரை ஏறிவிட்டது. மைல்கல் விதி 55-லேயே நிற்கிறது. ஏனெனில் கம்பி வேலை எந்தத் தூணிலும் புதிதாக முடியவில்லை. பூச்சியம்-நூறு விதி 25-லிருந்து அசையவில்லை.

இந்தத் தந்திரத்தைத் தளத்துக்குப் போகாமல் காகிதத்திலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு விதிகளின் எண்களையும் அருகருகே எழுதுங்கள். பாதி-பாதி எண்ணிலிருந்து பூச்சியம்-நூறு எண்ணைக் கழித்தால் 37½. அதை இரட்டியுங்கள், 75. திறந்து கிடக்கும் வேலைகளின் சதவீதம் இதுவே. 12-இல் 75 சதவீதம் என்றால் 9 தூண்கள். தந்திரத்துக்கு முன் இதே கணக்கு 50, அதாவது 6 தூண்கள். இந்த எண் வாராவாரம் ஏறிக்கொண்டே போனால், புதிது புதிதாகத் தொடங்குகிறார்கள், எதையும் முடிக்கவில்லை என்று பொருள். தளத்தில் நேரில் பார்த்தால் இன்னும் தெளிவு. நம் தளத்தில் பலகைப் பெட்டி 2-தான் உண்டு. ஒரு நேரத்தில் இரண்டு தூணுக்கு மேல் கான்கிரீட் கொட்ட முடியாது. அப்படியிருக்க 9 தூண்களில் கம்பியை நட்டு வைத்தால் அது வெயிலிலும் மழையிலும் துருப்பிடிக்கத்தான் நிற்கும்.

அப்படியானால் மைல்கல் விதியே போதுமே என்று தோன்றும். அதையும் ஏமாற்றலாம், ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்பே ஏமாற்ற வேண்டும். எடைகளை எழுதும்போது ஒப்பந்தக்காரர், "கம்பிக்கு 60, பலகைக்கு 30, மற்ற இரண்டுக்கும் ஐந்தைந்து" என்று போட்டுவிட்டால்? இரண்டாவது சனிக்கிழமைக் கணக்கு 300, 190, 180, 60. மொத்தம் 730, அதாவது 61 சதவீதம். எப்போதும் உண்மைக்குக் கீழேயே இருக்க வேண்டிய விதி, உண்மையைத் தாண்டிவிட்டது. பணமும் முன்கூட்டியே வாங்கியாகிவிடும். கடைசிச் சில தூண்களை முடிக்க அவருக்கு அவசரமும் இருக்காது. ஆகவே எடை என்பது பேரம் பேசிப் பெறும் எண்ணாக இருக்கக் கூடாது. ஆள்-நாள் கணக்கிலிருந்தோ செலவுக் கணக்கிலிருந்தோ, வேலை தொடங்குமுன் எழுதப்பட வேண்டும்.

மைல்கல் என்பது ஆம், இல்லை என்ற இரண்டே விடைக்கு இடம் தருவதாக இருப்பதும் அவசியம். "கம்பி வேலை பெரும்பாலும் முடிந்தது" என்பது மைல்கல் அல்ல. அது நம் பழைய தொண்ணூறு சதவீதம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததுதான். "கம்பிகளும் வளையங்களும் வரைபடப்படி எண்ணிப் பார்க்கப்பட்டன, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே 40 மி.மீ. இடைவெளி தரும் கட்டைகள் வைக்கப்பட்டன, பொறியாளர் கையெழுத்திட்டார்" என்பதே மைல்கல். பலகைக்குத் தூக்குக்குண்டு விட்டு நேர்குத்துப் பார்ப்பது அடுத்த கல். பலகையைப் பிரித்ததும் தூணின் பக்கத்தில் தேன்கூடு போல் ஓட்டைகள் தெரிந்தால், கான்கிரீட் கல்லை இன்னும் தாண்டவில்லை. கொடுத்த எடையைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வாரம் சதவீதம் இறங்கினாலும் சரி. பூச்சியம்-நூறு விதியில் இந்தச் சங்கடமே இல்லை. கொடுக்காததை எப்படித் திரும்பக் கேட்பது?

சரி, அந்த விதி இவ்வளவு பின்தங்கிச் சொல்கிறதே, அதை யார் வைத்திருப்பார்கள் என்று கேட்பீர்கள். விடை, வேலையின் நீளத்தில் இருக்கிறது. நாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கெடுக்கிறோம். திங்கட்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடிந்துவிடும் வேலையை எந்தச் சனிக்கிழமையும் பாதியில் பிடிக்காது. அதற்குப் பூச்சியம்-நூறு விதியே சாலச் சிறந்தது, வாதத்துக்கே இடமில்லை. ஒரு கதவு நிலை பொருத்துவது, ஓர் அடித்தளக் குழி தோண்டுவது எல்லாம் இந்த வகை. புதன்கிழமை தொடங்கி அடுத்த புதன்கிழமை முடியும் வேலையை ஒரே ஒரு சனிக்கிழமைதான் நடுவில் பிடிக்கும். அதற்குப் பாதி-பாதி போதும். இரண்டு, மூன்று சனிக்கிழமைகளைத் தாண்டிச் செல்லும் வேலைக்கு மைல்கல் நட்டே ஆக வேண்டும். அதுவும் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் நடுவில் ஒரு கல்லாவது விழும்படி. கல்லே இல்லாமல் ஒரு வாரம் போனால் அந்த வாரத்து எண் அசையாது. வேலை நடந்ததா, ஆட்கள் தூங்கினார்களா என்று காகிதம் சொல்லாது. சில பொறியாளர்கள் பாதிக்குப் பதிலாகத் தொடக்கத்தில் 25, முடிவில் 75 என்றோ, 20, 80 என்றோ கொடுப்பார்கள். முடிக்கச் சொல்லி நெருக்கும் வழி அது. அளவு என்ற முறையில் புதிதாக எதுவும் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் பின்னர் ரூபாயாக மாறுகிறது. 12 தூண்களுக்கு இவ்வளவு செலவு என்று மதிப்பிட்டிருந்தால், சதவீதத்தால் அதைப் பெருக்கி, இதுவரை "ஈட்டிய மதிப்பு" இவ்வளவு என்று எழுதுகிறார்கள். அதை உண்மையில் செலவான பணத்தோடு ஒப்பிட்டால் வேலை ஆதாயமாக நடக்கிறதா, நட்டமாக நடக்கிறதா என்று தெரியும். 1967-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் பெரிய ஒப்பந்தங்களுக்கு விதித்த 35 நிபந்தனைகள் இந்த முறையை உலகறியச் செய்தன. சதவீதம் தவறினால் ஈட்டிய மதிப்பும் தவறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது சனிக்கிழமை, பாதிக்கு மேல் நடந்த வேலைக்குப் பூச்சியம்-நூறு விதி கால் பங்கு மதிப்பே தந்தது. அதைச் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், மேஸ்திரி பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறார் என்றல்லவா முடிவு கட்டுவார்?

இப்போது நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே கட்டடத்தில் 8 சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சு. முதல் பூச்சுக்கு எடை 60, மேல் பூச்சுக்கு 30, நீரூற்றிக் காப்பதற்கு 10. ஒரு சனிக்கிழமை மாலை 2 சுவர்கள் முழுதும் முடிந்திருக்கின்றன. 3 சுவர்களில் முதல் பூச்சு முடிந்து, மேல் பூச்சு தொடங்கவில்லை. ஒரு சுவரில் முதல் பூச்சு பாதி உயரத்தில் நிற்கிறது. மற்ற இரண்டும் வெறும் செங்கல். மூன்று விதிகளின்படியும் எத்தனை சதவீதம்? பென்சிலை எடுத்துப் போட்ட பிறகு கீழ்வரியைப் பாருங்கள்.

விடை: பூச்சியம்-நூறு விதிப்படி 25, பாதி-பாதி விதிப்படி 50, மைல்கல் விதிப்படி 47½. முதல் இரண்டின் வேறுபாட்டை இரட்டித்தால் 50. எட்டில் பாதி, 4 சுவர்கள் திறந்து நிற்கின்றன.